நாற்பது லட்சம் பேரும் அரை நோயாளியும்

ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் பார்ப்பவன் நான். முதுநிலை மாணவர்கள் ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய வாரம் வந்தால் என் மேசை முன் வரிசை நிற்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே வேலைதான்: "சார், சாம்பிள் சைஸ் சரியா இருக்கானு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அப்படி வந்த ஒரு மாணவியின் தாளில் 39,81,504 என்று எழுதியிருந்தது. ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் பெண்களிடையே ரத்தசோகை எவ்வளவு என்று கண்டறிவது அவருடைய ஆய்வு. கிட்டத்தட்ட நாற்பது லட்சம் பெண்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறது கணக்கு. "சார், ஒன்றியத்துல மொத்தமே அவ்ளோ பேர் இல்லையே" என்று அவரே சிரித்தார்.

சிரிக்க முடிகிற தவறு நல்ல தவறு. தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். என்னைத் தூங்கவிடாமல் செய்பவை, பார்வைக்கு ஒழுங்காக, 256 என்றோ 448 என்றோ வந்து உட்கார்ந்துகொள்ளும் விடைகள்.

முதலில் அந்த மாணவி பயன்படுத்திய சூத்திரத்தைப் பார்த்துவிடுவோம். நம் மருத்துவக் கல்லூரிகளில் தீசிஸ் எழுதிய எவருக்கும் இது மனப்பாடம்.

```
n = 4pq / d²
```

n என்பது எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. p என்பது அந்த நோய் மக்களிடையே ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்ற முன் மதிப்பீடு. பழைய ஆய்வு ஒன்றிலிருந்து அதை எடுத்துக்கொள்வார்கள். q என்பது நோய் இல்லாத மீதிப் பேர். d என்பது நம் விடை இப்படியும் அப்படியும் எவ்வளவு பிசகலாம் என்று நாமே வைத்துக்கொள்ளும் எல்லை. அந்த 4 எங்கிருந்து வந்தது? இதே ஆய்வை நூறு முறை செய்தால் ஏறக்குறைய 95 முறையாவது விடை அந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்று நினைத்தால், அதற்குரிய எண் 1.96. அதன் வர்க்கம் 3.84. கையால் கணக்குப் போட்ட காலத்தில் வசதிக்காக 1.96ஐ 2 ஆக்கி, வர்க்கத்தை 4 ஆக்கிக்கொண்டார்கள். அதனால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். கெடுதல் இல்லை.

மாணவி p-க்கு எடுத்துக்கொண்டது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019–21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அது. பிசகும் எல்லை ஐந்து சதவீதப் புள்ளி. அதாவது உண்மை 53.4 என்றால் ஆய்வின் விடை 48.4க்கும் 58.4க்கும் இடையில் வந்தால் போதும்.

இதைச் சதவீதமாகவே போடலாம். 4 × 53.4 × 46.6 என்பது 9953.76. அதை ஐந்தின் வர்க்கமான 25ஆல் வகுத்தால் 398.15. தசமமாகவும் போடலாம். 4 × 0.534 × 0.466 என்பது 0.995376. அதை 0.05இன் வர்க்கமான 0.0025ஆல் வகுத்தாலும் அதே 398.15. இரண்டும் ஒன்றுதான். மேலே p, q இரண்டும் நூறு மடங்காகும்போது பெருக்கல் பத்தாயிரம் மடங்காகிறது. கீழே d நூறு மடங்காகும்போது அதன் வர்க்கமும் பத்தாயிரம் மடங்காகிறது. இரண்டும் அடிபட்டுப் போய்விடும்.

மாணவி செய்தது மேலே சதவீதம், கீழே தசமம். 53.4, 46.6 என்று மேலே எழுதிவிட்டு, d-க்கு 0.05 என்று போட்டுவிட்டார். கீழே அடிபட வேண்டிய பத்தாயிரம் அப்படியே நின்று, 398 பேர் நாற்பது லட்சமானார்கள். தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு: மேலே 0.534, கீழே 5. அப்போது விடை 0.04 பேர். மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்ற விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், ஒரே ஒரு பெண்மணியைப் பரிசோதித்து ஒன்றியத்தின் ரத்தசோகையைச் சொல்லிவிடலாம்!

இந்த இரண்டும் கண்ணில் பட்டுவிடும். படாதது ஒன்று உண்டு. சில பாடநூல்களில் q என்பது 1 – p என்று இருக்கும், சிலவற்றில் 100 – p. தசமப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சதவீதக் கணக்குப் போடுபவர் 1 – 53.4 = –52.4 என்று எழுதுவார். கீழே 25. விடை –447.7. மைனஸ் பேரைப் பரிசோதிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் "எங்கேயோ குறி மாறியிருக்கு" என்று அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிட்டு 448 என்று எழுதிக் கொண்டுவருவார். சரியான விடையான 399க்குப் பக்கத்திலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதை நான் ஒரு முறை அல்ல, மூன்று முறை பார்த்திருக்கிறேன். குறி தப்பியிருந்தால் கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும். குறியை மட்டும் திருத்துவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உதறுவது மாதிரி.

இதைவிட மோசமானது ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் நோய்களில் நடக்கிறது. இந்தியாவில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று சுமார் 0.2 சதவீதம். 53.4 என்று பார்த்தவுடன் அது சதவீதம் என்று புரிந்துவிடும். 0.2 என்பதைப் பார்த்தால் அப்படி இல்லை. அது ஏற்கெனவே தசமம் போலவே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே p = 0.2, q = 0.8, d = 0.05 என்று போடுகிறார்கள். 4 × 0.2 × 0.8 / 0.0025 = 256. பின்னமே இல்லாமல் அழகான முழு எண். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். கைடும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் 0.2 சதவீதம் என்றால் தசமத்தில் 0.002. இந்தக் கணக்கில் ஐந்தில் ஒருவருக்குத் தொற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஐந்நூறில் ஒருவருக்குத்தான். இன்னொரு தவறும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளக்கப்போவதே 0.2 சதவீதம். அதில் ஐந்து சதவீதப் புள்ளி பிசகலாம் என்றால், கடைக்காரர் ஒரு கிராம் தங்கத்தை இருபத்தைந்து கிராம் கூடக் குறையத் தெரியும் தராசில் நிறுப்பதற்குச் சமம். எல்லையை 0.1 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால் 4 × 0.002 × 0.998 / 0.000001, அதாவது 7984 பேர் வேண்டும். 256 எங்கே, 7984 எங்கே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். விடை வந்ததும் அதைப் பின்னோக்கிப் பெருக்கிப் பாருங்கள். 256 பேரை எடுத்தால் அதில் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கும்? ஐந்நூறில் ஒருவர் என்றால் 256இல் அரை ஆள். அரை நோயாளியை வைத்து என்ன ஆய்வு செய்வது? 7984 பேரில் சுமார் 16 பேர் கிடைப்பார்கள். சூத்திரம் தெரியாதவர்கூட இந்தப் பெருக்கலைச் செய்துவிடலாம். நெறிமுறைக் குழுவில் உட்காரும் வக்கீலும் ஊர்ப் பெரியவரும்கூட.

எக்செல்லில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டத்தில் 53.4% என்று சதவீதக் குறியோடு தட்டினால் உள்ளே 0.534 என்றுதான் சேமிக்கும். குறியில்லாமல் 53.4 என்று தட்டினால் 53.4. இந்த ஒரு குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்காமல் பழைய மாணவரின் ஃபைலை வாங்கி எண்ணை மட்டும் மாற்றுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

சதவீதத்தையும் தசமத்தையும் சரியாகப் பிரித்துவிட்டாலும் சதவீதக் குறியின் சேட்டை முடியாது. "ஐந்து சதவீதம்" என்று எழுதியிருக்கிறதே, அது எதில் ஐந்து சதவீதம்?

ரத்தசோகை மாணவியிடம் நான் இதைத்தான் அடுத்துக் கேட்டேன். அவர் கையில் இருந்த ஒரு சீனியரின் தீசிஸில் "அனுமதிக்கப்படும் பிழை: p-இல் 5%" என்று இருந்தது. 53.4இல் ஐந்து சதவீதம் என்றால் 2.67 புள்ளி. அதன் வர்க்கம் 7.1289. விடை 1396.25. ஆக, ஐந்து புள்ளி என்றால் 399 பேர், p-இல் ஐந்து சதவீதம் என்றால் 1397 பேர். ஒரே "5%" என்ற எழுத்து, மூன்றரை மடங்கு வித்தியாசம். இதே போக்கில் "p-இல் 20%" என்று எழுதுபவர்களும் உண்டு. அப்போது 88 பேர் போதும். ஆனால் விடை 42.7 முதல் 64.1 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பாதிப் பெண்களுக்கும் குறைவா கூடுதலா என்றுகூட அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்படிப் p-இல் இத்தனை சதவீதம் என்று வைப்பது தவறான முறை என்று சொல்லவில்லை. அரிதான நோய்களுக்கு அதுதான் சரி. ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற தேசியச் சர்க்கரை நோய் ஆய்வு நல்ல உதாரணம். அதில் ஒரு மாநிலத்துக்கு 4000 பேர் என்று வைத்து, கிராமத்தில் 2800, நகரத்தில் 1200 என்று பிரித்தார்கள். நகரத்தில்தானே சர்க்கரை நோய் அதிகம், பின் ஏன் கிராமத்தில் இரட்டிப்புக்கு மேல் ஆள் எடுக்க வேண்டும்? நோய் குறைவு என்பதால்தான். கிராமத்தில் சுமார் 4 சதவீதம், நகரத்தில் சுமார் 10 சதவீதம் என்று முந்தைய ஆய்வுகள் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். எல்லை, அந்தந்த p-இல் 20 சதவீதம். கிராமத்துக்கு அது 0.8 புள்ளி, நகரத்துக்கு 2 புள்ளி. நம் சூத்திரத்தில் போட்டால் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 900 வரும். ஒத்துழைக்காதவர்களுக்கும் இடம் விட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வார்கள். மாறாக, கண்ணை மூடிக்கொண்டு கிராமத்துக்கும் ஐந்து புள்ளி என்று வைத்திருந்தால் 62 பேரே போதும் என்று வந்திருக்கும். 4இல் ஐந்தைக் கழித்தால் மைனஸ் ஒன்று. நோய் மைனஸ் ஒரு சதவீதம் முதல் ஒன்பது சதவீதம் வரை இருக்கலாம் என்று ஒரு தேசிய ஆய்வு சொல்லியிருக்கும். d-ஐ p-இலிருந்து கழித்துப் பார்த்து, விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த d செல்லாது.

"எதில் சதவீதம்" என்ற கேள்வி கடைசி வரியிலும் திரும்ப வரும். பரிசோதனைக்கு வராதவர்கள், பாதியில் விலகுபவர்கள் பத்து சதவீதம் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டுவது வழக்கம். 399இல் பத்து சதவீதம் 39.9, ஆக 439 என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். ஆனால் விலகப்போவது 399இல் பத்து சதவீதம் அல்ல, நாம் அழைக்கும் 439இல் பத்து சதவீதம். 439 பேரை அழைத்து 44 பேர் வரவில்லை என்றால் மிஞ்சுவது 395. நான்கு பேர் குறைகிறார்கள். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 399ஐ 0.9ஆல் வகுத்தால் 443.33, அதாவது 444. நான்கைந்து பேர்தானே என்று தோன்றலாம். விலகல் இருபது சதவீதமானால் கூட்டுபவருக்கு 479, வகுப்பவருக்கு 499. இருபது பேர் வித்தியாசம்.

443.33 ஏன் 443 ஆகாமல் 444 ஆனது? பள்ளிக்கூடத்தில் அரைக்குக் கீழே என்றால் விட்டுவிடு, மேலே என்றால் ஒன்று கூட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் சரி. மாதிரி அளவு என்பது குறைந்தபட்சத் தேவை. நாற்பத்தொரு பேர் போகும் சுற்றுலாவுக்கு நாற்பது இருக்கை பஸ் ஒன்று என்று யாராவது பேசுவார்களா? 398.15 என்றாலும் 399தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், கடைசி விடையில் ஒருவர் குறைவதால் ஆய்வு கெட்டுவிடாது. 4க்குப் பதிலாகச் சரியான 3.8416ஐப் போட்டால் இதே கணக்கு 382.38 என்று வரும். 383க்குப் பதில் 382 பேரை எடுத்தால் பிசகும் எல்லை 5க்குப் பதில் 5.0025 புள்ளி. அவ்வளவுதான். அதற்காக மாணவரைத் திட்டும் பரிசோதகர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கடைசியில் செய்யும் முழுமையாக்கல் ஓர் ஒழுங்கு. நடுவில் செய்யும் முழுமையாக்கல்தான் ஆளைக் கவிழ்ப்பது.

0.05இன் வர்க்கம் 0.0025. கணக்கை மூன்று தசம இடத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கு அது 0.003. அதை வைத்து வகுத்தால் 332 பேர். 67 பெண்கள் ஒரு தசம இடத்தில் காணாமல் போனார்கள். 2.67ஐ 3 என்று வைத்துக்கொண்டால் 1397 பேர் 1106 ஆகிவிடுவார்கள். d கீழே இருக்கிறது, அதுவும் வர்க்கமாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் மேலே தள்ளினாலும் விடை தடாலென்று கீழே விழும். ஆகவே கடைசி வரைக்கும் எதையும் முழுமையாக்காமல் ஒரே வரியில் போடுவதே பாதுகாப்பு. எக்செல்லில் இப்படி:

```
=ROUNDUP(1.96^2*0.534*(1-0.534)/0.05^2,0)
```

விடை 383. இங்கே `ROUND` என்று போட்டால் 382 வரும். தசம இடங்களை மறைக்கும் பொத்தானை அழுத்தினாலும் 382 என்றுதான் தெரியும்.

ஆய்வாளர்கள் பலர் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் கிரெஜ்சி–மார்கன் அட்டவணையிலும் இந்தப் பள்ளிக்கூடப் பழக்கம் இருக்கிறது. 1970இல் வந்த அந்த அட்டவணையில், மொத்தம் 50 பேர் இருக்கும் இடத்தில் 44 பேரை எடுக்கச் சொல்கிறது. அவர்களுடைய சூத்திரத்திலேயே போட்டால் 44.34 வரும், மேல்நோக்கிப் போனால் 45. அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு இல்லை.

மேல்நோக்கி முழுமையாக்குவது உண்மையில் பலன் தருவது, மொத்த எண்ணிக்கையைப் பல இடங்களுக்குப் பங்குபோடும்போதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறை ஒன்று உண்டு. 1982இல் ஹெண்டர்சனும் சுந்தரேசனும் அதன் அனுபவத்தை அந்த நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போயிருக்கிறது என்று தெரியாத நிலையில் p-ஐப் பாதி, 50 சதவீதம், என்று வைத்துக்கொள்வார்கள். பிசகும் எல்லை 10 புள்ளி. 96 குழந்தைகள் போதும் என்று வரும். ஆனால் ஊர் முழுக்கச் சிதறி எடுக்காமல் கிராமம் கிராமமாகச் சென்று எடுக்கிறார்கள். ஒரே கிராமத்துக் குழந்தைகள் ஒன்றுபோல இருப்பார்கள். செவிலியர் வந்த கிராமத்தில் எல்லாருக்கும் ஊசி, வராத கிராமத்தில் யாருக்கும் இல்லை. அதை ஈடுகட்ட இரட்டிப்பாக்கி 192 என்றார்கள். அதை 30 கிராமங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 6.4 குழந்தை. ஆறு என்று எடுத்தால் மொத்தம் 180, பன்னிரண்டு குறைவு. அதனால் ஏழு என்று வைத்தார்கள். முப்பது கிராமம், கிராமத்துக்கு ஏழு குழந்தை, மொத்தம் 210. உலகெங்கும் பல நாடுகளின் களப்பணியாளர்கள் பையில் எடுத்துச் சென்ற 210 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தது அந்த 6.4தான்.

மாணவி கடைசியில் எழுதிய வரி இது: "p = 53.4 சதவீதம், பிசகும் எல்லை 5 சதவீதப் புள்ளி, n = 398.15, ஆகவே 399. வராதோர் 10 சதவீதம் என்று கொண்டு 399 / 0.9 = 443.33, ஆகவே 444." ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது சதவீதமா, புள்ளியா, ஆளா என்று எழுதியிருந்தார். நெறிமுறைக் குழுவில் யாரும் கேள்வி கேட்கவில்லை.